ஒரே கட்டைக்கு இரண்டு பெயர்

பியானோவில் ஒரு ஸ்தாயிக்குள் ஏழு வெள்ளைக் கட்டைகளும் ஐந்து கறுப்புக் கட்டைகளும் உள்ளன. வெள்ளைக் கட்டைகளின் பெயர்கள் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. கறுப்புக் கட்டைகளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. அருகிலுள்ள வெள்ளைக் கட்டையின் பெயரை வைத்தே அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு சுரத்தை அரைச்சுரம் உயர்த்தினால் அது ஷார்ப் (♯), அரைச்சுரம் தாழ்த்தினால் ஃபிளாட் (♭). ஜிக்கும் ஏவுக்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டை ஜியிலிருந்து பார்த்தால் ஜி ஷார்ப், ஏயிலிருந்து பார்த்தால் ஏ ஃபிளாட். ஒரே கட்டையில் ஒலித்து, பெயரில் மட்டும் வேறுபடும் இத்தகைய சுரங்களை என்ஹார்மோனிக் சுரங்கள் என்பார்கள்.

எந்த இடத்தில் எந்தப் பெயர் என்பதை முடிவு செய்வது ஸ்கேல். மேஜர் ஸ்கேலில் ஏழு எழுத்துகளும் ஒவ்வொரு முறைதான் வர வேண்டும். ஏ மேஜர் ஸ்கேல் ஏ, பி, சி ஷார்ப், டி, இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் என்று செல்கிறது. கடைசிச் சுரத்தை ஏ ஃபிளாட் என்று எழுதினால் ஏ என்ற எழுத்து இருமுறை வரும்; ஜிக்கு இடமே இருக்காது. ஐந்து கோட்டுத் தாளில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே இடம்தான் உண்டு. ஆகவே ஒரே இடத்தில் ஏயும் ஏ ஃபிளாட்டும் மாறி மாறி வந்து, ஒவ்வொரு முறையும் புதிய குறி போட வேண்டியிருக்கும். ஜி ஷார்ப் என்று எழுதினால் வரியின் தொடக்கத்தில் மூன்று ஷார்ப் குறிகள் போதும். ஆனால் இ ஃபிளாட் மேஜரில் ஜி ஏற்கெனவே இருக்கிறது. நான்காம் சுரமாக வருவது ஏ. அங்கே அதே கட்டை ஏ ஃபிளாட் ஆகிறது.

இதே விதிப்படி வெள்ளைக் கட்டைக்கும் இரண்டாம் பெயர் வரும். எஃப் ஷார்ப் மேஜரின் ஏழாம் சுரத்தை எஃப் கட்டையில்தான் வாசிக்க வேண்டும். ஆனால் அந்த எழுத்து முதல் சுரத்துக்குப் போய்விட்டதால் அதை இ ஷார்ப் என்று எழுதுகிறார்கள்.

தவறான பெயரைக் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இ மேஜர் கார்டு இ, ஜி ஷார்ப், பி ஆகிய மூன்று சுரங்களால் ஆனது. மேல்சுரத் தாளில் இவை கீழிருந்து அடுத்தடுத்த மூன்று கோடுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். நடுச்சுரத்தை ஏ ஃபிளாட் என்று எழுதினால் அது கோட்டை விட்டு இடைவெளிக்கு ஏறி பியை ஒட்டிக்கொள்ளும். ஒலி மாறாது, ஆனால் வாசிப்பவருக்கு அது இ மேஜர் கார்டாகத் தெரியாது.

கர்நாடக இசையிலும் இந்த முறை உண்டு. பன்னிரண்டு சுரத்தானங்களுக்குப் பதினாறு பெயர்கள். கரஹரப்பிரியாவில் சாதாரண காந்தாரமாக வரும் அதே சுரத்தானம், சலநாட்டையில் சட்சுருதி ரிஷபம் ஆகிறது. சலநாட்டையில் காந்தாரத்தின் இடத்தை அந்தர காந்தாரம் எடுத்துக்கொள்கிறது. ஏழு சுரப் பெயர்களும் மேளத்தில் இருக்க வேண்டும் என்பதால் கீழுள்ளது ரிஷபம் எனப் பெயர் பெறுகிறது.

ஐரோப்பாவில் இந்த இரண்டு பெயர்களும் ஒரு காலத்தில் இரண்டு வெவ்வேறு ஒலிகளையே குறித்தன. அதிர்வெண்கள் 4:5 என்ற விகிதத்தில் இருந்தால் மேஜர் தேர்டு என்னும் இடைவெளி மிகத் தூய்மையாக ஒலிக்கும். சியை 256 என்று கொண்டால், அதற்கு மேல் இ 320, அதற்கு மேல் ஜி ஷார்ப் 400. மேல் ஸ்தாயி சி 512. அதிலிருந்து அதே விகிதத்தில் இறங்கினால் ஏ ஃபிளாட் 409.6. இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. சாதாரணக் காதுக்கே தெளிவாகக் கேட்கும்.

தூய தேர்டுகளுக்காகச் சுருதி கூட்டிய பழைய ஆர்கனிலும் ஹார்ப்சிகார்டிலும் அந்தக் கட்டை பெரும்பாலும் ஜி ஷார்ப்பாகவே ஒலித்தது. அதில் ஏ ஃபிளாட் கார்டை வாசித்தால் 400க்கும் 512க்கும் இடையிலான தேர்டு தேவைக்கு மேல் அகன்று, கரகரப்பாகக் கேட்கும். இதைத் தவிர்க்க, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சில கருவிகளில் அந்தக் கறுப்புக் கட்டையை முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதிக்கும் ஓர் ஒலி கொடுத்தார்கள்.

இன்றைய பியானோவில் ஸ்தாயி பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மேற்கண்ட கணக்கில் அந்தக் கட்டையின் அதிர்வெண் சுமார் 406.4, பழைய இரண்டு ஒலிகளுக்கும் நடுவே அது விழுகிறது. தேர்டுகள் முழுத் தூய்மையை இழந்தன. பதிலுக்கு எந்த ஸ்கேலையும் ஒரே கருவியில் வாசிக்க முடிந்தது. கட்டைகள் இல்லாத வயலினிலும் குரலிலும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே கலைஞர் ஜி ஷார்ப்பையும் ஏ ஃபிளாட்டையும் இடத்துக்கு ஏற்பச் சற்றே வேறுபடுத்தி ஒலிக்க முடியும்.