திருகைத் தொடும் முன் ஊசியைப் பாருங்கள்

வீட்டுத் தையல் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தாலோ, நூல் அடிக்கடி அறுந்தாலோ பலருடைய கை நேராக டென்ஷன் திருகுக்குத்தான் போகிறது. நேற்று வரை ஒழுங்காகத் தைத்த மெஷினில் திருகு தானாகத் திரும்பியிருக்காது. மாறியது ஊசியாகவோ, நூலாகவோ, பாபினாகவோ, துணியாகவோதான் இருக்கும். அதிலும் முதல் சந்தேகம் ஊசி மேல் வர வேண்டும்.

தையல் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் காரணம் புரிந்துவிடும். ஊசி துணிக்குக் கீழே போய், சுமார் இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறும்போது, அதன் கண்ணுக்கு மேலே மேல் நூல் ஒரு சின்ன வளையமாக உப்பும். அந்த நேரத்தில் ஷட்டிலின் முனை வந்து அந்த வளையத்துக்குள் புகுந்து, அதை பாபினைச் சுற்றி இழுத்துவிட வேண்டும். வளையம் சரியாக உப்பவில்லை என்றாலும், முனை வரும் உயரத்தில் அது இல்லை என்றாலும் அந்தத் தையல் விடும்.

ஊசி மாற்றிய அன்றிலிருந்து பத்துத் தையலுக்கு மூன்று விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசியைக் கழற்றி, தண்டைப் பாருங்கள். வீட்டு மெஷினுக்கு வரும் எச்.ஏ.×1 ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தண்டு முழுக்க உருண்டையாக, கொஞ்சம் மெல்லியதாக இருந்தால், அது கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷினுக்கான டி.பி.×1. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பாக்கெட்டில் இருக்கும், மாறி வந்துவிடும்.  திருகை இறுக்கினால் நின்றுவிடுமே தவிர, வளையம் ஷட்டில் முனைக்குச் சரியாகக் கிடைக்காது.

சரியான ஊசியே என்றாலும் மாட்டும் விதத்தில் தப்பு வரும். ஊசியின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் ஓடும், மறுபக்கம் கண்ணுக்கு மேல் சின்னக் குழிவு இருக்கும். குழிவு ஷட்டிலைப் பார்க்க வேண்டும். நூல் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் நுழைய வேண்டும். ஊசியை மேலே முட்டும் வரை தள்ளிவிட்டுத்தான் திருகை முடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கீழே தொங்கினாலும் கணக்கு தப்பிவிடும்.

பனியன் துணியிலும் லெக்கின்ஸிலும் மட்டும் தையல் விட்டால் மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். சாதா ஊசி அந்தத் துணியைத் துளைக்காமல் கூடவே இழுத்துக்கொண்டு போகும், வளையம் உப்பாது. அதற்கு முனை மழுங்கலான பால் பாயின்ட் ஊசி தனியாகக் கிடைக்கிறது. மற்றபடி, மெல்லிய பட்டுக்கு 11, சாதாரண பருத்திக்கு 14, தடித்த ஜீன்ஸுக்கு 16 அல்லது 18 போதும்.

நூல் அறுந்தால், அறுந்த நுனியைப் பாருங்கள். பஞ்சு போலப் பிரிந்திருந்தால் எங்கோ உரசுகிறது: ஊசிக் கண் நூலுக்குச் சின்னது, அல்லது ஊசி முனை அல்லது தட்டின் ஓட்டை சொரசொரப்பாகிவிட்டது. ஒரு சாண் நூலை ஊசியில் கோத்து, இரு முனையையும் பிடித்துச் சாய்வாக வைத்தால் ஊசி வழுக்கி இறங்க வேண்டும். நின்றுவிட்டால் அந்த நூலுக்கு அந்த ஊசி பொருந்தாது. நுனி வெட்டியது போல இருந்தால், டென்ஷன் இறுக்கமாக இருக்கலாம், அல்லது கண்டில் நூல் சிக்கியிருக்கலாம். துணியின் அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால், பாபினைத் திட்டாதீர்கள். மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே போகவில்லை என்று அர்த்தம். பாதத்தை உயர்த்திவைத்து மறுபடி கோர்த்தால், தட்டுகள் விலகி நூல் உள்ளே உட்காரும்.

அடி நூல் அறுவதற்கும் தையல் சுருங்குவதற்கும் காரணம் பெரும்பாலும் பாபின் சுற்றிய விதம். நூலைக் கையில் பிடித்தபடி சுற்றினால் ஒரு இடம் இறுக்கம், ஒரு இடம் தளர்வு என்று வரும். மெஷினில் இருக்கும் சிறிய டென்ஷன் வட்டின் வழியாகவே நூல் வர வேண்டும். பழைய நூலின் மேலேயே புது நூலைச் சுற்றவும் கூடாது. விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு நகத்தால் அழுத்துங்கள். பொதபொதவென்று அமுங்கினால் அவிழ்த்துச் சுற்ற வேண்டியதுதான். வேகமாக மிதித்துச் சுற்றினால் பாலியஸ்டர் நூல் இழுபட்டு, தைத்த பிறகு சுருங்கித் தையலையும் சுருக்கும்.

பாபினைக் கேஸில் போட்டு, நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக நழுவாமல் நின்று, லேசாக ஆட்டினால் கொஞ்சம் இறங்க வேண்டும். கேஸின் சிறு திருகைத் தொடுவது அதற்குப் பிறகுதான், அதுவும் கால் சுற்றுக்குள். இத்தனையும் பார்த்தும் புது ஊசியிலும் தையல் விட்டால், ஷட்டில் முனை தேய்ந்திருக்கும் அல்லது ஊசிக்கும் அதற்கும் நேரம் தப்பியிருக்கும். அது மெக்கானிக்கின் வேலை.