முதல் வாரம்தான் ஆபத்து

கட்டட வேலையில் வெயில் யாரை முதலில் சாய்க்கும் என்று கேட்டால், வயதானவரையோ நோயாளியையோதான் நினைப்போம். உண்மையில் அதிக ஆபத்தில் இருப்பவர் புதிதாக வேலைக்கு வந்தவர். வெளியிடங்களில் வேலை செய்யும்போது வெப்பத்தால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நிகழ்கின்றன என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா.

காரணம் உடலில் இருக்கிறது. தினமும் வெயிலில் உழைக்கிறவருக்கு வியர்வை சீக்கிரமே சுரக்கும், நிறைய சுரக்கும், அதில் உப்பு குறைவாகவே வெளியேறும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுவதால் இதயம் அதே வேலையை நிதானமாகச் செய்யும். இந்த மாற்றம் முழுமையாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வேலையை விட்டு ஒரு வாரம் ஒதுங்கியிருந்தாலே அது கரையத் தொடங்கிவிடும். பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பும் பழைய கொத்தனாரும் அந்த வகையில் பாதி புது ஆள்தான்.

எட்டு மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். புது ஆளுக்கு முதல் நாள் வெயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம் போதும். மறுநாள் மூன்று மணி நேரம். இப்படி நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டி, ஐந்தாம் நாள் முழு வேலை கொடுக்கலாம். லீவு முடிந்து வந்த பழைய ஆள் பாதி நாளில் தொடங்கி, நான்காம் நாள் முழு வேலைக்கு வரலாம். மீதி நேரத்துக்கு நிழலில் வேலை இல்லாமலா போகும்? கம்பிக்கு ரிங் வளைப்பது, உள்பூச்சு, சாமான் அடுக்குவது என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் கூலியைக் குறைத்தால் இந்தத் திட்டம் முதல் நாளே செத்துவிடும். தினக்கூலிக்காரர் யாரும் பணத்தை இழந்து நிழலில் உட்கார மாட்டார்.

தளம் போடும் நாளில்தான் இதெல்லாம் காற்றில் பறக்கும். கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் இணைப்பில் பலவீனம் வரும் என்பதால் எல்லோரும் மூச்சுவிடாமல் ஓடுவார்கள். அன்றைக்கு விடியும் முன்பே மிக்ஸர் சுற்ற வேண்டும், ஆட்கள் மாற்றி மாற்றி இறங்கி ஓய்வெடுக்கும் அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். கடும் வெயிலில் போட்ட கான்கிரீட் சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விடும் என்பதால், அதிகாலை வேலை கட்டடத்துக்கும் நல்லது.

தண்ணீரைத் தாகம் எடுத்த பிறகு குடித்தால் போதாது. கால் மணி முதல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர். பத்துப் பேர் ஆறு மணி நேரம் வேலை செய்தால் 60 லிட்டர், 20 லிட்டர் கேன் மூன்று. அது கீழே கேட் அருகில் இருந்தால் யாரும் இறங்கிப் போய்க் குடிக்க மாட்டார்கள். வேலை நடக்கும் மாடியிலேயே நிழலில் இருக்க வேண்டும். அதற்காக மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் கூடாது, ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். உப்புப் போட்ட நீர்மோரும் பழைய சோறும் அந்த உப்பை ஈடுகட்டும். கழிப்பறை இல்லாத சைட்டில் பெண்கள் தண்ணீரைத் தவிர்த்துவிடுவார்கள் என்பதை மேஸ்திரிகள் அறிவார்கள். அங்கே எத்தனை கேன் வாங்கி வைத்தும் பயனில்லை.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழல், தண்ணீர், ஓய்வு. இது முதல் கட்டம். அடுத்தது ஹீட் ஸ்ட்ரோக். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை தடுமாறும். தேவையில்லாமல் எரிந்து விழுவார், நாக்குக் குழறும், நடை தள்ளாடும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். குடித்திருக்கிறான் என்று ஓரமாகப் படுக்கவைத்துவிடுவது இந்த நேரத்தில் உயிரைப் பறிக்கும் தவறு. தோல் உலர்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நினைப்பதும் தவறு. உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டும் இருக்கலாம். “உன் பேர் என்ன, இன்னிக்கு என்ன கிழமை?” என்று கேளுங்கள். பதில் குழம்பினால் 108-ஐ அழையுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா காத்திருக்கக் கூடாது. நிழலில் படுக்கவைத்து, மேல்சட்டையைக் கழற்றி, க்யூரிங் ஹோஸாலேயே உடல் முழுக்கத் தண்ணீர் விட்டு, அட்டையால் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் ஈரத்துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். அரை மணிக்குள் சூடு இறங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்புக்கு நிவாரணமும் உண்டு என்றது. ஆனால் உயிரைக் காக்கும் ஏற்பாடு சைட்டில்தான் நடக்க வேண்டும். கோடையில் வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் கம்பி விலை பேசும்போதே, புது ஆட்களுக்கு முதல் வாரம் முழுக் கூலியோடு குறைந்த வெயில் வேலை என்பதையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.