டோஃபுவில் கோதுமைச் சத்து உண்டா?

மௌலா அலியில் நம்மவர் வீடு ஒன்றில் ஒரு சந்தேகம். பையனுக்கு சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் அவன் குடலின் உட்சுவரைக் கெடுக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் 'சோயா பன்னீர்' என்று விற்கும் டோஃபுவை அவனுக்குக் கொடுக்கலாமா?

டோஃபு செய்வது சோயா மொச்சையில். மொச்சையை இரவு முழுதும் ஊறவைத்து, அரைத்து, காய்ச்சி, துணியில் வடிகட்டினால் பால் கிடைக்கும். சூடான பாலில் கால்சியம் சல்பேட்டைக் கரைத்து விட்டால் திரியும். திரிந்ததைத் துணியில் கட்டிப் பாரம் வைத்தால் அதுவே டோஃபு. கோதுமைக்கு இதில் வேலையே இல்லை. ஆகவே வெறும் டோஃபுவில் குளூட்டன் கிடையாது.

வம்பு பிறகுதான் வருகிறது. மசாலா தடவிய டோஃபுவில் சோயா சாஸ் இருக்கலாம். அது பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்கவைப்பது. மைதாவில் புரட்டிப் பொரித்ததும் ஆகாது. நாம் தாளிக்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் அநேகமாகக் கோதுமை மாவு உண்டு.

ஆகவே உறையிலுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்து, வெறும் டோஃபுவாக வாங்கி, சப்பாத்தி மாவு படாத பாத்திரத்தில் சமைக்க வேண்டும். உதிரியாக விற்பதில் பட்டியல் இராது. இந்தப் பையனுக்கு அது வேண்டாம்.