உஷார்! பல்லில் உரசிக் காட்டி விற்கப்படும் முத்து

ராசிக்கல் மோதிரத்துக்கு முத்து கேட்டால், கடைக்காரர் அதைப் பல்லில் லேசாக உரசிப் பார்க்கச் சொல்கிறார். நறநறவென்கிறது. அடுத்து உள்ளங்கையில் வைத்து கனத்தைக் காட்டுகிறார். கடைசியாக லைட்டர் நெருப்பில் ஒரு நொடி பிடித்து, படிந்த கரியைத் துடைத்துவிட்டு, "பிளாஸ்டிக்கா இருந்தா உருகியிருக்கும் மேடம், இது அசல் பஸ்ரா முத்து" என்கிறார். வாங்க வந்தவருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. 40,000 ரூபாயை எண்ணி வைக்கிறார்.

தயவுசெய்து அங்கே கையை இழுத்துக்கொள்ளுங்கள். அந்த முத்து பிளாஸ்டிக் இல்லை என்பதுதான் இதுவரை தெரிந்தது. அது கடலில் தானாக விளைந்த இயற்கை முத்து என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. சில நூறு ரூபாய் பெறும் வளர்ப்பு முத்தும் பல்லில் இதேபோல நறநறக்கும், கையில் இதே கனம் கனக்கும். முத்து வியாபாரத்தில் பெரிய பணம் பறிபோவது பிளாஸ்டிக் மணியால் அல்ல. வளர்ப்பு முத்தை இயற்கை முத்து விலைக்குத் தள்ளிவிடுவதால்தான்.

இரண்டும் ஏன் ஒன்றுபோல நடந்துகொள்கின்றன? சிப்பியின் உடலுக்குள் தற்செயலாக ஏதோ உறுத்த, அதைச் சுற்றி சிப்பியே வெங்காயம்போல அடுக்கடுக்காகச் சுண்ணாம்புப் படலம் போர்த்தினால் அது இயற்கை முத்து. கடல் வளர்ப்பு முத்தில், மட்டி ஓட்டிலிருந்து உருட்டிக் கடைந்த மணி ஒன்றை, சிறு திசுத் துண்டோடு மனிதர் உள்ளே வைக்கிறார். சிப்பி அதன்மேல் படலம் போர்த்துகிறது. சீனாவிலிருந்து வந்து குவியும் நன்னீர் முத்துகளில் பெரும்பாலும் மணிகூட இருக்காது. திசுத் துண்டு மட்டும்தான். எப்படியானாலும் வெளியே நம் பல்லில் படுவது ஒரே பொருள். படலத்தின் நுண்ணிய தகடுகளின் விளிம்புதான் நறநறக்கிறது. போலி முத்தில் அந்தத் தகடுகள் இல்லை. கண்ணாடி, பிளாஸ்டிக் அல்லது சிப்பி ஓட்டு மணிமேல் பூசிய பளபளப்பு மட்டுமே. அதனால் அது பல்லில் வழவழவென்று வழுக்கும். நெருப்பு வித்தை எதற்குமே உதவாது. கண்ணாடி மணியும் அதைத் தாங்கும். நல்ல முத்துதான் சூட்டில் நிறம் கெட்டு விரிசல் விடும்.

"ஒளியைப் பாருங்க, இயற்கை முத்துக்குத்தான் இப்படி இருக்கும்" என்பது அடுத்த வாதம். இதற்கும் மயங்காதீர்கள். ஜப்பானிய அகோயா வளர்ப்பு முத்தில் டியூப்லைட்டின் பிம்பம் ஓரம் கலையாமல் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும். பழைய இயற்கை முத்துகள் பல அதைவிட மங்கலானவை. ஒளியை வைத்துப் போலியை மட்டும் ஓரளவு பிடிக்கலாம். உண்மைப் படலத்தில் ஒளி பல அடுக்குகளில் பட்டுத் திரும்புவதால், உள்ளிருந்து ஒரு சுடர் வருவதுபோல இருக்கும். திருப்பத் திருப்ப இளஞ்சிவப்போ பச்சையோ இழையோடும். போலியில் பளபளப்பு மேலோடு நின்றுவிடும், மாலையின் ஐம்பது மணியும் ஒரே அச்சில் இருக்கும்.

எடையில் ஏமாறுவதுதான் அதிகம் என்பதால் ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். துளையிடாத, சரியான உருண்டையான, 8 மில்லிமீட்டர் முத்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கை முத்தானால் ஏறக்குறைய 0.73 கிராம். மட்டி ஓட்டு மணி வைத்த வளர்ப்பு முத்தானால் 0.74 கிராம். சாதாரணக் கண்ணாடி மணி 0.67 கிராம், பிளாஸ்டிக் 0.32 கிராம். பிளாஸ்டிக்கைக் கை சொல்லிவிடும். கண்ணாடியைத் தராசு சொல்லலாம். ஆனால் முதல் இரண்டுக்கும் இடையே கிராமில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம்; முத்து கொஞ்சம் கோணலாக இருந்தாலே அது அடிபட்டுப் போகும். சிப்பி ஓட்டு மணிக்கு மேல் பூச்சுப் பூசிய போலியும் கிட்டத்தட்ட இதே எடைதான். கனத்தைக் காட்டி யாராவது இயற்கை முத்து என்றால் நம்பவே நம்பாதீர்கள்.

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. 1920களில் ஜப்பானின் உருண்டை வளர்ப்பு முத்து ஐரோப்பியச் சந்தைக்குள் நுழைந்தபோது, பரம்பரை வியாபாரிகளே கண்ணால் பிரிக்க முடியாமல் திணறினார்கள். லண்டன் வணிகர்கள் 1925-ல் ஆய்வகம் ஒன்றையே இதற்காகத் தொடங்க வேண்டியிருந்தது.

துளையிட்ட முத்தானால் நீங்களே ஒன்று செய்யலாம். நகைக்காரர் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸைக் கேட்டு வாங்கித் துளையின் வாயைப் பாருங்கள். போலியில் பூச்சு தோல்போல உரிந்து, அடியில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ எட்டிப்பார்க்கும். மணி வைத்த வளர்ப்பு முத்தில், வாயிலிருந்து சற்று உள்ளே படலம் முடிந்து மணி தொடங்கும் இடத்தில் ஒரு கோடு வளையமாக ஓடும். அந்தக் கோடு தெரிந்தால் வாதத்துக்கே இடமில்லை, அது வளர்ப்பு முத்து. கோடு தெரியவில்லை என்பதற்காக மட்டும் இயற்கை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மணியில்லாத நன்னீர் முத்திலும் அது தெரியாது. அதை எக்ஸ்ரே படம்தான் காட்டிக்கொடுக்கும். திசு வைத்த இடத்தில் ஒரு சிறு வெற்றிடம் பெரும்பாலும் கோணல்மாணலாகப் படத்தில் விழும்.

விலையில் போலி, வளர்ப்பு, இயற்கை மூன்றும் வேறு வேறு உலகங்கள். போலி மாலை நூறு, இருநூறு ரூபாய்க்கே கிடைக்கும். நன்னீர் முத்து மாலை சில நூறிலிருந்து சில ஆயிரம். நல்ல அகோயா மாலை பல்லாயிரம். இயற்கை முத்திலோ நல்ல ஒற்றை முத்தே பல்லாயிரம் போகும். காரணம், அதன் விலையைப் பாரம்பரியமாக எடையின் வர்க்கத்தை வைத்துப் போடுவார்கள்: எடை இரண்டு மடங்கானால் விலை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 8 மில்லிமீட்டரில் கறையில்லாத உருண்டையான இயற்கை முத்து மிக மிக அரிது. அதை ஐம்பது சேர்த்துக் கோத்து ஐயாயிரத்துக்குத் தருகிறேன் என்றால், அதை இயற்கை முத்து என்று விற்பது சுத்தப் பொய்.

"தூத்துக்குடி கடல்ல எடுத்தது" என்று ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் கையில் திணிப்பவர்களிடம் இன்னும் உஷார். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். போன மாதம் கடலில் எடுத்த முத்து என்று எவர் சொன்னாலும் வேகமாக நடையைக் கட்டுங்கள்.

ராசிக்கல் வாங்குவோருக்கு இன்னொரு பொறி மோதிரத்திலேயே இருக்கிறது. முத்தைப் பாதி துளைத்துப் பசை வைத்து, அடிப்பக்கம் மூடிப் பதித்துவிட்டால் துளையையும் பார்க்க முடியாது, தனியாக எடையும் போட முடியாது. ஆகவே பதிப்பதற்கு முன்பே, முத்து தனியாக இருக்கும்போதே சோதனையை முடித்துவிடுங்கள். பில்லில் "முத்து", "ஒரிஜினல் முத்து" என்று எழுதித் தருவதை ஏற்காதீர்கள். வளர்ப்பு முத்தும் ஒரிஜினல் முத்துதான் என்று நாளைக்குச் சொல்லிவிடுவார், அதில் தப்பும் கண்டுபிடிக்க முடியாது. "இயற்கை முத்து, இத்தனை காரட்" என்று எழுதி, எக்ஸ்ரே எடுத்துச் சோதித்த ரத்தினவியல் ஆய்வகத்தின் சான்றிதழையும் கேளுங்கள். சான்றிதழில் உள்ள எடையும் அளவும் கையிலுள்ள முத்தோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். கடைக்காரர் தயங்கினால், வளர்ப்பு முத்தின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.