'நாலு' என்றால், 'ஏன் எட்டு இல்லை' என்று கேட்காதீர்கள்

இரவு இரண்டு மணிவரை பிஜிஎம்ஐ ஆடும் பிளஸ் ஒன் மாணவனின் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினால், அன்றைய ஆட்டம் நிற்கும். மறுநாள் நண்பனின் போன் கைக்கு வரும். வீட்டில் பேச்சு நின்றுபோவதுதான் இதில் பெரிய இழப்பு என்பேன்.

ஆட்டத்தை விட முடியாத பிள்ளையின் மனதில் 'விடணும்', 'வேண்டாம்' என இரண்டு குரல்களும் இருக்கின்றன. அம்மா முதல் குரலை எடுத்துக்கொண்டு பேசப் பேச, அவன் இரண்டாவதற்கு வாதாடுகிறான். வாதாடியதை அவனே நம்பவும் தொடங்குகிறான். குடிநோயாளிகளிடம் இதே சிக்கலைக் கண்ட அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், 1983-இல் ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறையை முன்வைத்தார். மாற்றத்துக்கான காரணங்களை மாற வேண்டியவர் வாயாலேயே சொல்லவைப்பது அதன் அடிப்படை.

ஓர் ஆலோசகர் அந்த மாணவனிடம் எப்படிப் பேசுவார் என்று கற்பனை செய்து பார்ப்போம். முதல் கேள்வி ஆட்டத்தின் நல்ல பக்கத்தைப் பற்றியது.

"இதுல உனக்கு என்ன பிடிக்குது, தம்பி?"

"ஸ்க்வாட்ல என்னை நம்பித்தான் சார் இறங்குவாங்க."

"அங்க உனக்கு ஒரு மதிப்பு இருக்கு."

"ஆமா சார். ஆனா காலைல எந்திரிக்கவே முடியல."

அந்த 'ஆனா' தானாக வந்தது. யாரும் குறை சொல்லாததால் வந்தது. அடுத்து, "ராத்திரி ஆட்டத்தைக் குறைக்கணும்னு எவ்வளவு தோணுது? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு" என்கிறார். "நாலு."

"ஏன் எட்டு இல்லை?" என்று கேட்டால், குறைக்க முடியாததற்கான சாக்குகளையே அவன் அடுக்குவான். "ஏன் ஒண்ணு இல்லாம நாலு?" என்று கேட்டால், "பிசிக்ஸ்ல ஃபெயிலாயிட்டேன். காலைல ஃபுட்பால் பிராக்டிசுக்கும் போகல, கோச் டீம்லேருந்து எடுத்துடுவார்" என்கிறான். இதையே அப்பா சொல்லியிருந்தால் அறிவுரையாகியிருக்கும்.

காரணம் வெளிவந்த பிறகே திட்டம். அதையும் அவனே சொல்ல வேண்டும். ஸ்க்வாட் ஆட்டத்தைப் பாதியில் விட்டால் நண்பர்கள் கைவிடப்படுவார்கள். ஆகவே 'பத்து மணிக்கு நிறுத்து' என்பது சண்டையில்தான் முடியும். 'இரவு இரண்டு மேட்ச், பிறகு போன் ஹாலில் சார்ஜில்' என்பது அவனால் காப்பாற்ற முடிகிற வாக்கு. ஒரு வாரம் கழித்து, முடிந்த நாட்களில் எது உதவியது என்று கேட்க வேண்டும்.

பேச்சு தடம் மாறுவதைக் கண்டுபிடிப்பது எளிது: பெரியவர் அதிகம் பேசுவார், பிள்ளை "சரி, சரி" என்பான். அங்கே நிறுத்திவிட்டு, அவன் கடைசியாகச் சொன்னதை அவனிடமே திருப்பிச் சொல்லுங்கள்.

குடியில் இம்முறைக்கு ஆதாரம் அதிகம். கேமிங்கில் ஆய்வுகள் இன்னும் குறைவு. பள்ளிக்குப் போவதே நின்றுவிட்டால், போனைக் கேட்டதும் கை ஓங்கினால், சாவைப் பற்றிப் பேசினால், வீட்டுப் பேச்சு மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.