20 எப்படி 30 ஆனது?

ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒரு கிராஃப்தான். 20 நிமிடத்துக்குள் குறைந்தது 150 சொற்கள் எழுதவேண்டும். அவசரத்தில் பலர் சறுக்குவது சதவீதத்தில்.

சைக்கிளில் வேலைக்குப் போவோர் 20 சதவீதத்திலிருந்து 30 ஆனதாகக் கோடு காட்டுகிறது என்று வையுங்கள். ‘10 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதினால் 22 என்றாகிவிடும். ‘10 பெர்சன்டேஜ் பாயின்ட்ஸ்’ என்பதே சரி. ஒன்றரை மடங்கானது என்றும் சொல்லலாம். ஏற்றம் ஓராண்டிலேயே வந்திருந்தால் ‘ஷார்ப்லி’, பத்தாண்டில் மெல்ல வந்திருந்தால் ‘கிராஜுவலி’.

கார் 60இலிருந்து 45க்கு இறங்கியும் சைக்கிளைவிட மேலேதான் நிற்கிறது. இந்த ஒப்பீட்டை எண்கள் இல்லாமல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். காரணத்தை ஊகிக்கவேண்டாம், அது படத்தில் இல்லை.