இனிஷியல் இடிக்கும் இடம்

எங்கள் தெருவில் ஒரு அக்கா. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆவதற்கு இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்து படித்தவர், தேர்வு மையத்து வாசலிலிருந்தே திரும்பி வந்தார். ஹால் டிக்கெட்டில் பெயரும் இனிஷியலும்; கையிலிருந்த பான் கார்டிலோ அப்பாவின் முழுப்பெயரும் சேர்ந்திருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வாசலில் நிரூபிக்க வழியில்லை.

ஐசி-38 எனப்படும் இந்தத் தேர்வு அவ்வளவு கடினமில்லை. பத்தாம் வகுப்பு தேறி 18 வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். 50 கேள்விகள், ஒரு மணி நேரம். 18 விடைகள் சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் விடாமல் தொட்டுவிட வேண்டும்.

சிக்கல் பதிவில்தான். நீங்கள் சேரப்போகும் நிறுவனமே உங்கள் விவரங்களை ஏற்றும். வேறு நிறுவனத்தில் ஏற்கெனவே ஏஜென்டாக இருக்கிறீர்களா என்பதையும் பான் எண்ணை வைத்தே பார்ப்பார்கள். நம் ஊரில் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் இருக்கும். பான் கார்டில் அது விரிந்து முழுப்பெயராகிவிடும். ஆகவே விவரங்களை ஏற்றும் அன்றே பக்கத்தில் உட்கார்ந்து, தேர்வு நாளில் எடுத்துப்போகப் போகும் அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். தேர்வு மொழி தமிழா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நிறுவனம் தரும் பயிற்சி. வீடியோவை ஓடவிட்டு நேரத்தைக் கடத்துகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்கும் கேள்வி, காப்புறுதி நலன் பற்றியது. மனைவி கணவர்மேல் ஆயுள் பாலிசி எடுக்கிறார். சில ஆண்டு கழித்து விவாகரத்து. பாலிசி செல்லுமா? செல்லும். ஆயுள் காப்பீட்டில் பாலிசி எடுக்கும் நேரத்தில் அந்த நலன் இருந்தால் போதும். தீ விபத்துக் காப்பீட்டில் எடுக்கும்போதும் இருக்க வேண்டும், இழப்பு நேரும்போதும் இருக்க வேண்டும். வீட்டை விற்றுவிட்டவருக்கு அந்த வீடு எரிந்ததற்கு இழப்பீடு கிடைக்காது. இந்த வித்தியாசத்தைக் காரணத்தோடு புரிந்துகொண்டவரை, கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் குழப்ப முடியாது.

தேர்வு நாளில் ஹால் டிக்கெட்டும் அசல் அடையாள அட்டையும் வேண்டும், நகல் உதவாது. செல்போனை வெளியே வைத்துவிட வேண்டும். தேர்வு கணினியில்தான். சந்தேகமான கேள்வியைக் குறித்து வைத்துவிட்டுப் பிறகு திரும்பி வரலாம். தமிழ் வாக்கியம் முறுக்கிக்கொண்டு நின்றால் பதறாமல் இரண்டாம் முறை வாசியுங்கள். பெரும்பாலும் ‘இல்லை’ என்ற சொல்லில்தான் விடை மாறும்.

தேர்ச்சிச் சான்றிதழ் 12 மாதம் செல்லும். முதல்முறை ஏஜென்டாகச் சேருகிறவர் அதற்குள் சேர்ந்துவிட வேண்டும். 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தை அரசின் ஒழுங்குமுறை ஆணையம் தருவதில்லை. நிறுவனமே நியமனக் கடிதம் தருகிறது. ஆவணங்கள் எல்லாம் சேர்ந்த 15 நாளில் அது வந்தாக வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வருமுன் ஏஜென்டாக வேலை பார்த்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சொந்த மாமாவுக்குப் போட்டுக்கொடுத்தாலும் அதே கணக்குதான்.